பேர் ஒன்று, டெபாசிட் ஒன்று, பாக்கி ஒன்று: பழைய பிளாட்டில் ஈபி இணைப்பை எங்கள் பெயருக்கு மாற்றிய அனுபவம்

கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு இருந்த நாங்கள் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய பிளாட்டை வாங்கிக் குடிவந்தோம். மொத்தம் ஆறு வீடு, லிப்ட் கிடையாது, எல்லா மீட்டரும் தரைத்தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஒரே பலகையில் இருக்கும். வடசென்னையில் இப்படிப்பட்ட கட்டிடங்கள் தெருவுக்கு நாலு பார்க்கலாம். வீட்டைப் பதிவு செய்த கையோடு ஈபி இணைப்பையும் எங்கள் பெயருக்கு மாற்ற இறங்கினோம். அதில் தெரிந்துகொண்டவை, இதே மாதிரி கைமாறிய பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மின் இணைப்போடு மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. காப்புத் தொகை, அதாவது டெபாசிட், யார் பெயரில் நிற்கிறது என்பது இன்னொன்று. கட்டாத பாக்கி ஏதாவது இருக்கிறதா என்பது மூன்றாவது. வீட்டைப் பதிவு செய்துவிட்டால் இவை எல்லாம் தானாக நம் கைக்கு வந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காகிதம் வேண்டும்.

அதற்கும் முன்னால், எந்த மீட்டர் நம்முடையது என்று உறுதி செய்ய வேண்டும். விற்றவர் ஒரு இணைப்பு எண்ணைக் கொடுத்தார். வடசென்னை இணைப்பு என்பதால் 01-ல் தொடங்கியது. தென்சென்னையாக இருந்தால் 09-ல் தொடங்கும். மீட்டர் பலகையில் ஒவ்வொரு மீட்டருக்கு மேலேயும் பெயின்டில் வீட்டு எண் எழுதியிருந்தது. அது எப்போது எழுதியது, யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர், "பெயின்டை நம்பாதீங்கம்மா, மீட்டர் கிட்டயே கேட்டுடலாம்" என்றார்.

அவர் செய்த சோதனை மிக எளிமையானது. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பக்கத்திலேயே 3200 imp/kWh என்பது போல ஓர் எண் அச்சடித்திருக்கும். ஒரு யூனிட் மின்சாரம் ஓடினால் அந்த விளக்கு 3,200 தடவை சிமிட்டும் என்று பொருள். வீட்டில் பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1,000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் ஓடும். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஐம்பத்து மூன்று தடவை, கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தடவை, விளக்கு சிமிட்ட வேண்டும். மேலே வீட்டில் நான் அயர்ன் பாக்ஸைப் போட்டுப் போட்டு அணைத்தேன். கீழே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு எண் எழுதியிருந்த மீட்டர் அசையவே இல்லை. அதற்குப் பக்கத்து மீட்டர்தான் நொடிக்கு ஒரு தடவை சிமிட்டியது. எதிர் வீட்டு மீட்டரும் எங்கள் மீட்டரும் பலகையில் இடம் மாறியிருந்தன.

பெயின்ட் மட்டும் தவறா, கணக்கிலேயே மாறியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மீட்டரின் மேல் அதற்கென்று ஒரு வரிசை எண் இருக்கும். பிரிவு அலுவலகத்தில் இணைப்பு எண்ணைச் சொன்னால், அந்தக் கணக்கில் எந்த மீட்டர் எண் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். நல்லவேளையாக எங்கள் கணக்கில் இருந்த மீட்டர் எண், நொடிக்கு ஒரு தடவை சிமிட்டிய அதே மீட்டரின் எண்தான். ஆகவே பெயின்டைத் திருத்தியதோடு முடிந்தது. கணக்கிலேயே மாறியிருந்தால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து உதவிப் பொறியாளருக்கு எழுதிக்கொடுத்து, ஆள் வந்து பார்த்துச் சரிசெய்த பிறகுதான் பெயர் மாற்றத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரரின் மின்சாரத்துக்கு நம் பெயரில் பில் வரும். எதிர் வீட்டு அக்கா ஏசி இல்லாமல் இரண்டு மின்விசிறியோடு குடித்தனம் நடத்துகிறவர். எங்கள் பில் அவருக்குப் போனால் அவர் நிலைமை என்னாவது?

சரி, இனி பெயருக்கு வருகிறேன். எங்களுக்கு விற்றவர் அந்த வீட்டை 2009-ல் வேறொருவரிடம் வாங்கியவர். அவர் தன் பெயருக்கு ஈபி இணைப்பை மாற்றவே இல்லை. பில்லில் இன்னமும் முதல் ஓனரின் பெயர்தான் வந்துகொண்டிருந்தது. "ஆதார் இணைச்சாச்சும்மா, அது போதும்" என்றார் விற்றவர். 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை தமிழ்நாடு முழுக்க மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்களே, அதைச் சொல்கிறார். ஆதாரை இணைக்கிற இணையப் பக்கத்திலேயே உரிமையாளர், வாடகைதாரர், உரிமையாளர்தான் ஆனால் பெயர் மாற்றவில்லை என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். பெயர் மாற்றாமலேயே ஆதாரை இணைக்க முடிந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆதார் இணைப்பால் இணைப்பின் உரிமை யாருக்கும் மாறவில்லை. இன்றைக்கும் நிறையப் பேர் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் ஆன்லைனிலேயே போடலாம். கேட்பது அதிகம் ஒன்றும் இல்லை: ஆதார், வீடு நம்முடையது என்பதற்கு ஓர் ஆதாரம். கிரையப் பத்திரமோ சொத்துவரி ரசீதோ போதும். மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாறி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பத்திரத்தை வைத்தே விண்ணப்பிக்கலாம். கட்டணமும் பெரிதில்லை. 2023 ஜூலையில் பெயர் மாற்றத்துக்காகவே சிறப்பு முகாம்கள் நடத்தினார்கள். அப்போது அது 726 ரூபாய். பிறகு மாறியிருக்கும், விண்ணப்பிக்கும் அன்று எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் கணக்கு.

எங்களுக்கு இரண்டு இடத்தில் கேள்வி வந்தது. ஒன்று, கதவு எண். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஈபி கணக்கில் பழைய எண் மட்டும் இருந்தது. எங்கள் பத்திரத்தில் புதிய எண் முன்னால் இருந்தது. இரண்டு எண்ணும் சேர்ந்து வருகிற சொத்துவரி ரசீதை, அது விற்றவர் பெயரில் இருந்தாலும், கூடவே வைத்தோம். இரண்டும் ஒரே கதவுதான் என்று அது சொல்லிவிட்டது.

இரண்டாவது, பெயர்ச் சங்கிலி. கணக்கில் இருப்பது முதல் ஓனர் பெயர். எங்கள் பத்திரத்தில் விற்பவராக இருப்பது வேறொருவர். நடுவில் ஒரு கண்ணி இல்லை. அந்தக் கண்ணி தாய்ப் பத்திரத்தில் இருக்கிறது, அதாவது 2009-ல் முதல் ஓனர் எங்களுக்கு விற்றவருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம். அதன் நகலையும் சேர்த்ததும் சங்கிலி நிறைவாகிவிட்டது. முதல் ஓனர் இறந்து, அவர் வாரிசுகள் விற்றிருந்தால் வாரிசுச் சான்றிதழும் இந்த வரிசையில் வர வேண்டியிருக்கும். பழைய வீடு வாங்கும்போது தாய்ப் பத்திரத்தை வங்கிக்காக மட்டும் கேட்டு வாங்கி வைக்கிறோம். ஈபிக்கும் அது வேண்டும்.

இனி டெபாசிட். இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இணைப்பு வாங்கும்போது கட்டிய காப்புத் தொகை, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பணம். வீட்டை வாங்குகிறவர் அந்தப் பணத்தையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், அந்தப் பெயர்க்காரர் "என் டெபாசிட்டை இன்னாருக்கு மாற்ற எனக்குச் சம்மதம்" என்று கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். கடிதம் இருந்தால் பழைய டெபாசிட் அப்படியே நம் பெயருக்கு வரும். கடிதம் இல்லாவிட்டாலும் பெயர் மாற்றம் நிற்காது. ஆனால் அன்றைய விகிதத்தில் டெபாசிட்டைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

எங்கள் விஷயத்தில் விற்றவர் நல்ல மனிதர், எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். ஆனால் அவர் கையெழுத்து இதற்குச் செல்லாது. டெபாசிட் அவர் பெயரில் இல்லையே! முதல் ஓனர் எங்கே இருக்கிறார் என்று அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தெரியவில்லை. கீழ் வீட்டுப் பாட்டி மட்டும், "பொண்ணு வீட்டோட பெங்களூர் போய்ட்டாரும்மா, ரொம்ப வருசம் ஆச்சு" என்றார். ஆகவே நாங்கள் புதிதாகக் கட்டினோம். ஒற்றை முனை இணைப்பு என்பதால் அது எங்களை உலுக்குகிற தொகையாக இல்லை. ஆனால் மும்முனை இணைப்பும் இரண்டு ஏசியும் உள்ள வீடாக இருந்து, வருடக்கணக்கில் கூடுதல் டெபாசிட் சேர்ந்திருந்தால், விட்டுக்கொடுக்கிற பணம் கணிசமாக இருக்கும். அதனால் ஒன்று செய்யலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். விற்பவர் பெயரே இருந்தால், பதிவு நாளன்று சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஆதார் நகலோடு அவர் இருக்கும்போதே ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம். பணம் கைமாறிய பிறகு, இதற்காக இன்னொரு நாள் வாருங்கள் என்று யாரையும் கூப்பிடுவது சுலபமில்லை. வேறு பெயர் இருந்தால், முதலில் விற்பவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும், அல்லது டெபாசிட்டை நாம் புதிதாகக் கட்டுவதை விலையில் பேசிக்கொள்ளலாம்.

டெபாசிட் ஒரு தடவை கட்டினால் முடிகிற விஷயமும் இல்லை. வீட்டு இணைப்புகளுக்கு அது போதுமானதாக இருக்கிறதா என்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரல், மே வாக்கில் சரிபார்க்கிறார்கள். கணக்கு இதுதான்: முந்தைய பன்னிரண்டு மாத பில்லின் மாதச் சராசரியைப்போல மூன்று மடங்கு. உதாரணமாக, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற பில் சராசரியாக 1,600 ரூபாய் என்றால் மாதத்துக்கு 800. மூன்று மடங்கு 2,400. கணக்கில் ஏற்கெனவே 1,500 ரூபாய் டெபாசிட் இருந்தால், மீதி 900 ரூபாயைக் கூடுதல் காப்புத் தொகை என்று கேட்பார்கள்.

இங்கேதான் வீடு மாறியவர்களுக்கு ஒரு சிக்கல். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் நமக்கு முன்னால் இருந்தவர் எரித்த மின்சாரம். அவர் இரவு பகல் ஏசி ஓட்டியிருந்தால், நாம் குடிவந்த சில மாதத்திலேயே நம்மிடம் கூடுதல் டெபாசிட் கேட்டு வரும். பார்த்ததும் ஏதோ தவறான பில் என்று பதற வேண்டாம். அது செலவு ஆவதில்லை, நம் பெயரில் நிற்கிறது, அதற்கு வருடாவருடம் வட்டியும் உண்டு. வட்டியைப் பணமாகத் தராமல் பில்லில் கழிக்கிறார்கள்.

சொந்த வீட்டுக்காரருக்கு இது சரி. வாடகைக்கு இருப்பவருக்குத்தான் இது நஷ்டம். கொருக்குப்பேட்டையில் நாங்கள் இருந்தபோது கூடுதல் டெபாசிட் வந்தது. பில் கட்டுவது நாங்கள், ஆனால் டெபாசிட் நிற்பது வீட்டு ஓனர் பெயரில். ரசீதைத் தனியாக எடுத்துவைத்து, ஓனர் அம்மாவிடம் காட்டி, அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொண்டோம். அவர் மறுக்கவே இல்லை. அப்படி ஒரு தொகை இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக வருகிற பில்லைக் கட்டும் முன், அதில் மின் கட்டணம் எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கிற குடும்பத்துக்கு அந்த எண்ணூறு, தொள்ளாயிரம் சின்னத் தொகை இல்லை.

மூன்றாவது, பாக்கி. முந்தைய ஓனர் வைத்த பாக்கி நம்மைச் சேராது என்று நினைப்பது ஆபத்து. கே.சி. நினான் வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: மின்வழங்கல் விதிகளில் இடம் இருந்தால், பழைய உரிமையாளரின் பாக்கியைப் புதிய உரிமையாளர் கட்டினால்தான் இணைப்பு என்று வாரியம் கேட்கலாம். வில்லங்கச் சான்றில் ஈபி பாக்கி தெரியாது. இணைப்பு எண்ணைப் போட்டு நிலுவையை நாமே பார்த்துக்கொள்வதுதான் வழி. அட்வான்ஸுக்கு முன் ஒரு தடவை, பதிவு நாள் காலையில் இன்னொரு தடவை பார்த்தோம்.

அதில் தெரியாத பாக்கி ஒன்றும் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுக்க வருவார்கள். நாம் நடுவில் குடிவந்தால், போனவர் எரித்ததும் நாம் எரித்ததும் ஒரே பில்லில் சேர்ந்து வரும். பாதிப் பாதி பிரித்துக்கொண்டால் சரியாக இருக்குமா என்றால், இருக்காது. முதல் சில யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிக்கான விலையே மாறிவிடும். அவர் 300, நாம் 250 என்றால் தனித்தனியாக யாரும் 500-ஐத் தொடவில்லை. ஆனால் பில் 550-க்கு வரும், எல்லோருக்கும் அடி. சாவி வாங்குகிற அன்றே மீட்டரின் யூனிட் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுவரைக்கும் உங்களோடது சார்" என்று எழுதினேன். "சரிம்மா" என்று பதில் வந்தது. பில் வந்ததும், அவர் யூனிட்டுக்கும் எங்கள் யூனிட்டுக்கும் உள்ள விகிதத்தில் தொகையைப் பிரித்துக்கொண்டோம். சண்டை வருவதற்கு இடமே இருக்கவில்லை.

கடைசியாக, எங்கள் நாத்தனார் குடும்பத்துக்கு உதவிய ஒரு விதி. அவர்கள் வாடகைக்குப் பிடித்த மாடிப் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இல்லை. கீழ் வீட்டு மீட்டரிலிருந்து லைன் இழுத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வாங்கிக்கொண்டிருந்தார். வாடகைதாரர் தன் பெயரில் புது இணைப்பு கேட்க முடியுமா என்றால், முடியும். தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பு இதற்கு இரண்டு வழி தருகிறது. ஓனர் சம்மதித்தால் படிவம் 5-ல் அவருடைய ஒப்புதல் கடிதம். ஓனர் கிடைக்கவில்லை அல்லது தர மறுக்கிறார் என்றால், நாம் சட்டப்படி அங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு ஆதாரம், படிவம் 6-ல் ஈட்டுறுதிப் பத்திரம், அதோடு வழக்கமான டெபாசிட்டைப்போல இரண்டு மடங்கு. வாடகை ஒப்பந்தம் பேப்பரில் இருந்தால்தான் அந்த இரண்டாவது வழி திறக்கும். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களுக்கு அது கஷ்டம். நாத்தனார் வீட்டுக்காரர் அந்த ஒப்பந்தத்தையும் இரண்டு படிவங்களையும் எடுத்துக்கொண்டு போய் ஓனரிடம் நிதானமாகப் பேசினார். ஓனர் படிவம் 5-லேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இணைப்பு நாத்தனார் பெயரில் வந்தது, டெபாசிட் ரசீதும் அவர் பெயரில். காலி செய்யும்போது இணைப்பை ஒப்படைத்தால், பாக்கி போக மீதி டெபாசிட் அவருக்கே திரும்பும். அந்த ரசீதை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து பைலில் போட்டு வைத்திருக்கிறார்.